காலையில் மடங்கி நிற்கும் விரல்: கை சிகிச்சையாளரிடம் கேள்வி பதில்

வலது மோதிரவிரல் விடிய எழும்பேக்க மடங்கினபடி நிக்குது. மற்றக் கையால இழுத்தா ‘டக்’ எண்டு நிமிருது. நடு மூட்டுலதானே பிடிக்குது, அதுக்கு மட்டை கட்டினாப் போதுமா? (உப்புவெளி)

அக்கா, சத்தம் கேட்கிறது நடு மூட்டில், ஆனால் சிக்குகிற இடம் அதுவல்ல. உள்ளங்கையில் மோதிரவிரலுக்கு நேர் கீழே, மேல் ரேகைக்குப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். நோகும். விரலை மெல்ல மடக்கினால் சின்னக் கட்டி ஒன்று அங்கே நகர்வதும் தெரியலாம். விரலை மடக்கும் தசைநார்க் கயிறு அந்த இடத்தில் ஒரு வளையத்துக்குள்ளால் போகிறது. கயிறும் வளையமும் தடித்தால் மடங்கும்போது கட்டி வளையத்தைத் தாண்டிவிடும், திரும்பி வரத்தான் மாட்டாது. நித்திரையில் கையைப் பொத்திக் கொள்கிறோம், இரவில் கையில் கொஞ்சம் நீரும் கோர்க்கும். அதனால்தான் விடிய மோசம்.

ஆகவே விரலின் அடி மூட்டைத்தான் நேராக வைக்க வேண்டும். பாமசியில் பஞ்சு ஒட்டிய அலுமினியப் பட்டை இருந்தால் வாங்குங்கள். உள்ளங்கை நடுவிலிருந்து, விரலின் நடு ரேகைக்குச் சற்றுக் கீழே வரை வரும்படி வெட்டி, பஞ்சுப் பக்கம் கையில் பட வைத்து, விரலின் அடிக்கண்டத்திலும் உள்ளங்கையைச் சுற்றியும் ஒட்டுங்கள். மேல் இரண்டு மூட்டும் தாராளமாக மடங்க வேண்டும். சரியாகக் கட்டினீர்களா என்று பார்க்க விரல் நுனியைக் கொக்கிபோல மடக்குங்கள். நுனி மடங்கியும் அடி மூட்டு அசையவில்லை என்றால் சரி. பட்டை கட்டியில் அழுத்தி நோகச் செய்தால் அந்த இடத்துப் பஞ்சைக் கொஞ்சம் தோண்டி விடுங்கள். நுனி வெளிறினால் உடனே தளர்த்துங்கள்.

ஆறு கிழமைக்கு முன் பலனைத் தீர்மானிக்க வேண்டாம். சிலருக்கு பத்துப் பன்னிரண்டு கிழமை பிடிக்கும். இரவில் மட்டுமா, பகலிலுமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. காலையில் மட்டும் சிக்கினால் இரவுக் கட்டோடு தொடங்கச் சொல்வேன்.

நடு மூட்டுக்கு ஐஸ்பழக் குச்சி கட்டி, பகலில பந்து பிசைஞ்சா சரியாகும். என்ர மாமிக்கு அப்பிடித்தான் சுகமானது.

தம்பி, குச்சியில் நீங்கள் பாதி சரி. இரவில் நடு மூட்டை நிமிர்த்தி வைத்தும் சிலருக்குக் குணமாகும். பகலும் இரவுமாகக் கட்டியே வைத்தால் அந்த மூட்டு இறுகிவிடும் என்பதுதான் பயம். பந்து மட்டும் வேண்டாம். பிசையும் ஒவ்வொரு முறையும் தடித்த கயிறு அதே வளையத்தில் உரசும். இங்கே குறை பலத்தில் இல்லை, இடத்தில்.

பயிற்சி இப்படி: இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கை வைத்து, மற்றக் கையால் விரலை மெல்ல நிமிர்த்துங்கள். பிறகு அடி மூட்டை நேராக வைத்து நுனியை மட்டும் கொக்கிபோலப் பத்துத் தரம் மடக்கி நீட்டுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போதும். சிக்கினால் அந்த அளவோடு நிறுத்துங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணத்தில கை வச்சா நல்லதா?

சூடு இதமாக இருக்கும். வீட்டுச் சட்டியிலும் அதே இதம்தான். கண் விழித்தவுடன் தேவைப்படுவதைப் பார்த்தால் சட்டிதான் கிட்ட.

எனக்கும் இதுதான். ராவில பெருவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் விறைச்சு எழுப்பிவிடும், உதறினாச் சரி.

ஐயா, சிக்கலும் பூட்டும் இல்லாமல் விறைப்பு மட்டும் என்றால் இது வேறு. மணிக்கட்டில் உணர்வு நரம்பு நெரிபடுகிறது போலிருக்கிறது. அதற்கு மணிக்கட்டை நேராக வைக்கும் கட்டு வேண்டும். இரண்டும் ஒரே கையில் வருவதும் உண்டு, டொக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

கரைவலை இழுக்கிற எனக்கு ஓய்வெடுக்க ஏலாது. சீனி வருத்தமும் இருக்கு. ஊசி போடலாமா?

அண்ணா, கயிறு இழுக்கும்போது கட்டுப் போட முடியாது. தடித்த கையுறை போட்டால் பிடியின் அழுத்தம் உள்ளங்கையில் பரவும். வேலை முடிந்ததும் இரவுக் கட்டு. ஸ்டீரொயிட் ஊசி போடலாம், ஆனால் சீனி உள்ளவர்களுக்கு அது பிடிக்கும் வாய்ப்புக் குறைவு. போட்ட பிறகு சில நாட்களுக்குச் சீனியும் ஏறும். முன்பே சொல்லி, அந்த நாட்களில் அளந்து பாருங்கள். ஊசியும் சரிவராவிட்டால் உள்ளங்கையை மரக்கப் பண்ணி வளையத்தை வெட்டிவிடுவது சின்ன வேலைதான்.

(உப்புவெளி அக்கா மீண்டும்) சிக்கு எடுபட்ட பிறகும் விரல் முழுசா நிமிருதில்லை.

மற்றக் கையால் நிமிர்த்தினாலும் நிமிரவில்லையா? அப்படியென்றால் நடு மூட்டு இறுகத் தொடங்கிவிட்டது, ஆறு கிழமை காத்திருக்காமல் இந்தக் கிழமையே கிளினிக்கில் காட்டுங்கள். விரல் முழுவதும் வீங்கிச் சிவந்து, நிமிர்த்தத் தாங்காமல் நொந்து, காய்ச்சலும் வந்தால் அது கிருமி. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கட்டு எதுவும் போட வேண்டாம்.