ஏழு வாரம் தாமதம், அதிலும் தப்பு: சப்ளையருக்கு எப்படி எழுதுவது?

ஹோட்டல் கணக்குப் பிரிவில் பல வருடங்களாக சப்ளையர் பில்களோடு மல்லுக்கட்டும் ஒருவர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: மேடம், நான் ஹோட்டல் அக்கவுண்ட்ஸில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. டவல் சப்ளையர், சரக்கு கொடுத்து ஏழு வாரம் கழித்து பில் அனுப்பியிருக்கிறார். 240 டவல் என்று போட்டிருக்கிறது, வந்தது 228. ஆர்டரில் இல்லாத டெலிவரி சார்ஜ் வேறு. அவர் பழைய ஆள், மனம் கோணாமல் எப்படிக் கேட்பது?

பதில்: எழுத உட்காரும் முன் ஸ்டோருக்குப் போய் அந்த டெலிவரி சலானை எடுத்துப் பாருங்கள். ‘12 குறைவு’ என்று எழுதிய இடத்தில் அவர்கள் ஓட்டுநரின் கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் கடிதத்தில் எண்ணிக்கையை உறுதியாகச் சொல்லலாம். வண்டி போன பிறகு நம் ஸ்டோர்காரர் தனியாக எண்ணிக் குறித்து வைத்தது மட்டும்தான் இருக்கிறது என்றால், “எங்கள் பதிவில் 228 என்று இருக்கிறது, உங்கள் பக்கம் பார்த்துச் சொல்ல முடியுமா” என்று கேட்கத்தான் முடியும். கடிதத்தின் குரலை முடிவு செய்வது அந்தக் கையெழுத்துதான்.

உங்களிடம் கையெழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். எண்களையும் தேதிகளையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: பில் எண் 562, ஆர்டர் எண் 1187 – திருத்திய பில் வேண்டி
>
> வணக்கம்.
>
> மார்ச் 4 அன்று நீங்கள் அனுப்பிய டவல்களுக்கான பில், மார்ச் 6 தேதியிட்டு, ஏப்ரல் 22 அன்று எங்களுக்குக் கிடைத்தது. ஆர்டரோடு ஒப்பிட்டதில் இரண்டு இடங்களில் வேறுபாடு இருக்கிறது.
>
> பில்லில் 240 டவல்கள் என்று உள்ளது. வந்து சேர்ந்தவை 228. உங்கள் ஓட்டுநர் கையெழுத்திட்ட சலானின் நகலை இணைத்திருக்கிறோம். அடுத்து, ஆர்டரின்படி விலையிலேயே டெலிவரியும் அடங்கும்; பில்லில் அது தனியாகச் சேர்ந்துள்ளது.
>
> 228 டவல்களுக்கு, டெலிவரி கட்டணம் இல்லாமல், வரியையும் அதற்கேற்ப மாற்றித் திருத்திய பில்லை ஏப்ரல் 30-க்குள் அனுப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். அது கிடைத்ததும் மே 8 அன்று பணம் அனுப்பும் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.
>
> பில் ஏப்ரல் 22 அன்றுதான் கைக்கு வந்ததால், 30 நாள் தவணையை அன்றிலிருந்து கணக்கிட்டுக்கொள்ள வேண்டுகிறோம். எண்ணிக்கையில் உங்கள் பதிவு வேறாக இருந்தால் தெரிவியுங்கள், மறுபடி சரிபார்க்கிறோம்.
>
> நன்றி.

இதில் மே 8 என்ற தேதிதான் சப்ளையரின் கண் முதலில் போகும் இடம். பணிவான வார்த்தை பத்து போட்டாலும் அந்தத் தேதி செய்கிற வேலையைச் செய்யாது. ‘விரைவில் செலுத்தப்படும்’ என்று எழுதினீர்களோ, நீங்கள் பணத்தை இழுத்தடிக்கப் பில்லில் குற்றம் தேடுகிறீர்கள் என்றுதான் அவருக்குப் படும்.

தவணை வரியை விட்டுவிடாதீர்கள். மார்ச் 6-லிருந்து 30 நாள் என்றால் ஏப்ரல் 5. பில் உங்கள் மேசைக்கு வந்த அன்றே கெடு தாண்டி 17 நாள் ஆகிவிட்டது. அவர்கள் கணக்கில் நீங்கள் பாக்கிக்காரர்.

தாமதத்தைப் பற்றிக் கடிதத்தில் கோபம் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? மூன்று தேதிகள் வரிசையாக நிற்கின்றன. படிக்கிறவருக்கே புரிந்துவிடும்.

கேள்வி: இதற்கெல்லாம் கடிதம் எதற்கு? நான் பில்லில் 240-ஐ அடித்துவிட்டு 228 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சரியான தொகையை அனுப்பிவிடுவேன். பத்து வருஷமாக இப்படித்தான். ஒரு சப்ளையரும் கேட்டதில்லை.

பதில்: சரியான தொகையைப் பிடித்து வைக்காமல் கொடுத்துவிடுகிறீர்கள் பாருங்கள், அது நல்ல பழக்கம். தகராறு 12 டவலில் இருக்கும்போது 228-க்கும் சேர்த்துப் பணத்தை நிறுத்துவது நியாயமில்லை. திருத்திய பில் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால், உங்கள் நிறுவன விதி அனுமதித்தால், தகராறு இல்லாத பகுதியை முதலில் அனுப்பிவிட்டு அதையும் கடிதத்தில் ஒரு வரி சொல்லலாம்.

ஆனால் உங்கள் பேனா உங்கள் நகலைத்தான் திருத்துகிறது. அவர்கள் கணக்கில் 240 அப்படியே நிற்கும், மீதி உங்கள் பேரில் பாக்கியாக ஏறும். வரியும் 240-க்கே கணக்காகியிருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு சப்ளையரின் கணக்கில் இப்படிச் சின்னச் சின்னப் பாக்கி பதினான்கு சேர்ந்திருந்தது. எல்லாம் நாங்கள் பேனாவால் அடித்தவை. பழைய ஆள் இருந்தவரை அவர் கண்டுகொள்ளவில்லை. புதிதாக வந்தவர் பட்டியலைப் பார்த்தார், பாக்கி தீரும்வரை சரக்கு கிடையாது என்று சொல்லிவிட்டார். அறைகள் எல்லாம் நிரம்பிய வாரம் அது. பதினான்கு பழைய சலான்களைத் தேடி நாங்கள் ஸ்டோர் அறையில் இருந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஹோட்டல்களுக்கு சோப்பு, ஷாம்பு கொடுக்கிறேன். பில் போய் இரண்டு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. இந்தக் கடிதத்தையே நான் அனுப்பலாமா?

பதில்: ஐயா இல்லை, அம்மா. இது ஹோட்டல் உங்களுக்கு எழுதும் கடிதம். நீங்கள் எழுத வேண்டியது வேறு. பணம் கேட்டு எழுதும் முன் உங்கள் பில்லை எடுத்து, ஹோட்டல் கொடுத்த ஆர்டர் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பில் எங்கள் மேசையில் யாருடையது என்று தெரியாமல் ஓரமாகக் கிடக்கும். “பணம் எப்போது” என்று கேட்பதற்கு முன்னால், “பில் பதிவாகிவிட்டதா, ஏதாவது குறை இருக்கிறதா” என்று கேளுங்கள். பெரும்பாலும் தடை அங்கேதான் இருக்கும்.

கேள்வி: திருத்திய பில் கேட்டிருக்கிறீர்கள். சப்ளையர் அந்த மாதக் கணக்கை முடித்திருந்தால் பழைய பில்லை மாற்ற மாட்டார், கூடுதலாகப் போட்ட தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் கிரெடிட் நோட்தான் தருவார். அதோடு, அந்த 12 டவல் என்ன ஆயிற்று? பிறகு வருமா, வராதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

பதில்: பிடித்துவிட்டீர்கள். 12 டவலை நான் விட்டுத்தான் விட்டேன். “மீதி 12 டவல்கள் இனித் தேவையில்லை, ஆர்டரை 228-ஓடு முடித்துக்கொள்கிறோம்” என்றோ, “அவற்றை அனுப்பும்போது தனி பில் அனுப்புங்கள்” என்றோ ஒரு வரி சேர வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் திறந்தே கிடக்கும். ஒரு நாள் 12 டவல் வந்து இறங்கும், அவர்கள் அதற்குத்தான் 562-லேயே பில் போட்டாயிற்று என்பார்கள்.

கிரெடிட் நோட் விஷயமும் சரி. கணக்கு முடிந்திருந்தால் அதுதான் வழி. ஆனால் ‘திருத்திய பில்லோ கிரெடிட் நோட்டோ’ என்று கடிதத்தில் எழுத எனக்குக் கொஞ்சம் பயம். ஒருவர் இதை அனுப்புவார், அதே அலுவலகத்தில் இன்னொருவர் அதையும் அனுப்புவார். 228-க்குத் திருத்திய பில்லையும் பதிந்து, கிரெடிட் நோட்டையும் கழித்தால், 12 டவலின் பணம் இரண்டு முறை கழிந்துவிடும். அதனால் எழுதும் முன் ஒரு போன் போட்டு எது அவர்களுக்கு வசதி என்று கேட்டுவிட்டு, கடிதத்தில் அதை மட்டும் கேட்பேன்.

திருத்திய பில் புது எண்ணோடு வந்தால், பழைய 562 ரத்து என்று அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். அதே எண்ணை இரண்டாம் முறை ஏற்றினால் பொதுவாக மென்பொருள் தடுக்கும், 562A என்று வந்தால் வேறு பில் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். இரண்டுக்கும் பணம் போன பிறகு திரும்ப வாங்குவதற்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

அவரே மறுபடி: ஒரு விஷயத்தில் உடன்பாடில்லை. திருத்திய பில் வந்த நாளிலிருந்துதான் 30 நாள் எண்ண வேண்டும். தப்பான பில் பில்லே இல்லை.

பதில்: ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் அப்படியே செய்யுங்கள். ஒன்றும் எழுதியிருக்காத இடத்தில், 228 டவலை மார்ச்சிலிருந்து பயன்படுத்திக்கொண்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. இதில் நீங்களும் நானும் வேறு வேறு பக்கம்தான்.

கேள்வி: அக்கா, எங்கள் லாண்டரி பில் எடைக்கு வருகிறது. ஒவ்வொரு மாதமும் நாங்கள் போடும் எடையை விட அவர்கள் எடை அதிகம். இதே மாதிரி எழுதி பில்லைத் திருத்தச் சொல்லலாமா?

பதில்: முதலில் ஒப்பந்தத்தில் எந்த எடை என்று பாருங்கள். அழுக்குத் துணியாகப் போகும்போதா, துவைத்து உலர்ந்து வரும்போதா? ஈர டவலை அள்ளிப் போட்டு எடை பார்த்தால் கூடத்தான் செய்யும். அதில் தெளிவு இல்லாமல் பில்லைத் திருத்தச் சொன்னால், உங்கள் தராசு தப்பு என்று ஒரே வரியில் பதில் வரும். “ஒரு வாரம் இரண்டு தரப்பும் சேர்ந்து எடை போட்டுப் பார்ப்போம்” என்று கேட்டு எழுதுங்கள். பழைய மாத பில்களை அதற்கப்புறம் பேசலாம்.

முதலில் கேட்டவர்: மேடம், அனுப்பினேன். மூன்றாம் நாளே திருத்திய பில் வந்துவிட்டது. எண்ணிக்கை சரி, டெலிவரி சார்ஜ் இல்லை. ஆனால் பில்லின் கீழே வங்கிக் கணக்கு எண் பழையது இல்லை. அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்கட்டுமா?

பதில்: வேண்டாம். அந்த மெயிலை அனுப்பியது அவர்தானா என்பதே இப்போது கேள்வி. மோசடி செய்கிறவர்கள் நடக்கிற மெயில் உரையாடலுக்குள் நுழைந்து, சரியான எண்களோடு, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவது உண்டு. அந்த பில்லில் அச்சாகியிருக்கும் போன் எண்ணையும் நம்பாதீர்கள். ஒப்பந்தத்திலோ உங்கள் பழைய பதிவிலோ இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, உங்களுக்குத் தெரிந்த ஆளிடம் கேளுங்கள். அவர் உறுதி செய்யும்வரை மே 8 பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டாம் என்று உங்கள் மேலாளரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.