பானை பொங்குவதற்குள் பேசி முடிக்க வேண்டும்

"ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பொங்கலுக்கு முந்தின வேலை நாளில் வளாகத்திலேயே பொங்கல் வைப்போம். இந்த வருஷம் வாழ்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில். தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள், ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்று எல்லாரும் உண்டு. 'இது இந்துப் பண்டிகை இல்லை, தமிழர் பண்டிகை' என்று சொல்லிவிட்டால் போதும் என்கிறார் மேலாளர். யார் மனமும் நோகாமல் சுருக்கமாக என்ன பேசுவது?"
– வாசகி, ஓசூர்

உங்கள் மேலாளரின் நோக்கம் நல்லதுதான். தமிழ்நாட்டில் எத்தனையோ தேவாலய வளாகங்களில் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தை ஒடிசாக்காரப் பையன் காதால் கேட்டுப் பாருங்கள். "அப்படியானால் எனக்கு இல்லை" என்றுதான் விழும். பக்கத்தில் கற்பூரமும் தேங்காயும் இருக்கும்போது மதம் இல்லை என்று மைக்கில் அடித்துச் சொன்னால், யாரும் கேட்காத விவாதத்தை நீங்களே கிளப்பியதாகும். இது யாருடைய பண்டிகை என்ற பேச்சே வேண்டாம். அதேபோல் 'தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்து' என்பதையும் விட்டுவிடுங்கள். தை முதல் நாளைப் புத்தாண்டாக அறிவித்து 2008-ல் வந்த சட்டத்தை 2011-ல் நீக்கினார்கள். அந்த வழக்கைத் தொழிற்சாலை வாசலில் தீர்க்க முடியாது.

உங்களுக்கு உண்மையான கண்ணி ஒரு சின்னச் சொல்லில் இருக்கிறது: 'நாங்கள்'. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. "நாங்க பொங்கல் வைக்கிறோம்" என்றால் கேட்பவர் வெளியே. தெலுங்கிலும் 'மனம்', 'மேமு' என்று இதே பிரிவினை உண்டு, அதனால் உங்கள் தெலுங்குத் தோழர்கள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். சரி, எல்லாவற்றுக்கும் 'நாம்' போட்டுவிடலாம் என்றால் அதுவும் இடிக்கும். "நாம் சூரியனுக்குப் படைக்கிறோம்" என்று ஓர் இஸ்லாமியத் தோழரையும் சேர்த்துச் சொல்வது அவர் வாயில் நம் வார்த்தையைத் திணிப்பது.

"நீங்கள் எங்கள் விருந்தாளி" என்று போடலாமா என்று தோன்றும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஓசூரில் அது எடுபடாது. அங்கே தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்களில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே இருப்பவர்கள். திருநெல்வேலியிலிருந்து போன மனிதவள அதிகாரி அவர்களை விருந்தாளி என்றால் சிரித்துவிடுவார்கள். தமிழ் இஸ்லாமியரையும் கிறிஸ்தவரையும் அப்படிச் சொன்னால் சிரிப்புகூட வராது.

அதனால் வழக்கத்தைச் சொல்லும் இடத்தில் 'எங்க வீட்டுல' என்று உங்கள் வீட்டை மட்டும் சொல்லுங்கள். சாப்பாடு, வேலை, சேர்ந்து நிற்பது வரும் இடத்தில் 'நாம' என்று மாறுங்கள். இந்த ஒரு மாற்றம் சரியாக விழுந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

மாநிலங்களை வரிசையாகச் சொல்லும் ஆசையையும் அடக்குங்கள். சங்கராந்தி, பிஹு, லோஹ்ரி என்று அடுக்கினால் சத்தீஸ்கர் பையன் விடுபட்டுப் போவான். "எல்லாம் ஒண்ணுதான், பேருதான் வேற" என்பது அதைவிட மோசம். அசாமில் முந்தின நாள் இரவு ஊர்கூடி விருந்து, விடியற்காலை 'மேஜி' என்ற விறகுக் குவியலைக் கொளுத்துதல். பீகாரில் அவலும் தயிரும் வெல்லமும். கர்நாடகத்தில் எள்ளும் வெல்லமும் வீடு வீடாகப் போகும். அவரவருக்கு அது தனி நாள், நம் பொங்கலின் கிளை இல்லை. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மைக்கில் வேண்டாம். கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க ஊர்ல இன்னைக்கு என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்கப் பயன்படும்.

அடுத்தது படையல். படைத்ததை உண்ண மாட்டேன் என்பவர் உண்டு, பிரச்சினை இல்லை என்பவரும் அதே மதத்தில் உண்டு. யார் எது என்று நாம் விசாரிக்கக் கூடாது. பானை இறங்கியதும், படைப்பதற்கு முன்னாலேயே ஒரு பங்கை வேறு பாத்திரத்தில் எடுத்துக் கேன்டீனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முன்கூட்டியே சமையல்காரரிடம் பேசி வைத்தால்தான் இது நடக்கும், அன்றைக்குச் சொன்னால் மறந்துவிடுவார். பேச்சில் அதற்கு ஒரே வரி போதும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெரியவர் பன்னிரண்டு நிமிஷம் பேசினார். உழவு, சங்கம், உலகம் என்று போய்க்கொண்டிருந்தபோது பின்னால் பானை பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. 'பொங்கலோ பொங்கல்' சொல்ல ஆளில்லை. நடுவில் "நம்ம முஸ்லிம் சகோதரர் மேடைக்கு வரட்டும்" என்று வேறு கூப்பிட்டார். அந்த மனிதர் குனிந்த தலை நிமிரவில்லை. பால் சூடாகத் தொடங்கும்போது ஆரம்பித்து, நுரை விளிம்புக்கு ஏறும் முன் நீங்கள் முடித்துவிட வேண்டும். கீழே இருப்பதை நிதானமாகப் படித்தால் ஒன்றரை நிமிஷத்துக்குள் முடியும்:

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல புது அரிசி வந்ததும் முதல் பானையைச் சூரியனுக்கு நன்றி சொல்லி வைப்போம். அதே மாதிரி ஒரு பானைதான் இது. இந்த வாரம் உங்க வீட்டுலயும் வேற பேர்ல ஒரு நாள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லீவு கிடைக்காம, டிக்கெட் கிடைக்காம ஊருக்குப் போகாதவங்க நம்மகிட்ட இருக்காங்க. அவங்க வீட்டுல இன்னைக்கு இவங்களை நினைச்சுட்டிருப்பாங்க. நாம எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். நைட் ஷிஃப்டுக்கும் எடுத்து வைப்போம். படைச்ச பொங்கல் இங்கே, படைக்காதது கேன்டீன்ல முதல் மேஜையில. யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கலாம். ஆப் சப் கோ பொங்கல் கீ ஷுப்காமனாயேன். எல்லரிகூ ஹப்பத ஷுபாஷயகளு. அந்தரிகீ பண்டுக சுபாகாங்க்ஷலு. பொங்கல் வாழ்த்துகள். பால் பொங்கப் போகுது, எல்லாரும் கிட்ட வாங்க!"

கடைசி மூன்று வேற்றுமொழி வரிகளை முந்தின நாளே அந்தந்த மொழிக்காரரிடம் சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஒடியாவிலும் அசாமியிலும் வாழ்த்துச் சொல்ல யாராவது முன்வந்தால் அவர்களே மைக்கைப் பிடிக்கட்டும். ஆனால் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் பெயர் சொல்லி இழுக்காதீர்கள். வேட்டி, சேலை கட்டாயம் என்று சுற்றறிக்கை போயிருந்தால், 'விருப்பம் உள்ளவர்கள்' என்று இன்றைக்கே இன்னொன்று அனுப்பிவிடுங்கள்.