சம்பளம் நின்றதும் பிடித்த 590 ரூபாய்: எப்படித் திரும்பக் கேட்பது?

*"ஐயா, பெங்களூரு பொம்மனஹள்ளியில் இருக்கிறேன். பழைய கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கில் 6,000 ரூபாய் அப்படியே கிடந்தது. திடீரென்று மினிமம் பேலன்ஸ் இல்லை என்று 590 ரூபாயும், எஸ்.எம்.எஸ். கட்டணமாக 17.70 ரூபாயும் பிடித்துவிட்டார்கள். கிளையில் கேட்டால் ‘சிஸ்டம் தானாகப் பிடிக்கிறது’ என்கிறார்கள். ஓர் ஏஜென்ட் 30 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"*

ஏஜென்டுக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். இதற்கு வங்கியிலும் கட்டணம் இல்லை, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணம் இல்லை. குறைதீர்ப்பாளர் வக்கீல் மூலம் வரும் புகாரை ஏற்பதே இல்லை. அப்படியிருக்க ஏஜென்ட் எதற்கு? இவர்களில் பலர் கடைசியில் உங்கள் போனில் ஏதோ ஆப் போடச் சொல்வார்கள், ஓ.டி.பி. கேட்பார்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணிலும் இதே ஆபத்து உண்டு. பணம் திரும்பி வருவதற்கு நீங்கள் பின் நம்பர் எதுவும் போட வேண்டியதில்லை. வங்கியின் எண்ணைப் பாஸ்புக்கிலோ கார்டின் பின்பக்கத்திலோ பார்த்து எடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சம்பளம் வருவது நின்று சில மாதங்களானால் வங்கி அந்தக் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். குறைந்தபட்ச இருப்பு அப்போதுதான் பொருந்தத் தொடங்கும். ஆனால் மாற்றியதுமே அபராதம் பிடிக்க முடியாது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்திருக்கிறது என்று எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் முதலில் தெரிவிக்க வேண்டும். அதைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் அவகாசமும் தர வேண்டும். அறிவிப்பே இல்லாமல் பிடித்திருந்தால் முழுத் தொகையையும் கேளுங்கள். அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது.

இங்கே உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த சிம்மை விட்டுவிட்டுப் புது எண் வாங்கியிருப்பீர்கள், வங்கியில் பழைய எண்ணே இருக்கும். மின்னஞ்சலோ வேலையை விட்ட அன்றே மூடப்பட்ட அலுவலக முகவரியாக இருக்கும். வங்கி அங்கே அறிவிப்பு அனுப்பியிருந்தால், அனுப்பியதாகவே கணக்கு. அப்போது ‘தவறாகப் பிடித்தீர்கள்’ என்று சண்டை போட்டால் தோற்பீர்கள். எண் மாறிய தேதியைச் சொல்லி, ஒருமுறை சலுகையாகத் திருப்பித் தரும்படி கேளுங்கள். அதற்கு முன், அறிவிப்பு எந்த எண்ணுக்கு, எந்தத் தேதியில் போனது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வங்கி தேதியைச் சொல்லத் தடுமாறினால் பழையபடி முழுத் தொகையையே கேட்கலாம்.

அடுத்து, தொகை சரியா என்று பாருங்கள். பற்றாக்குறை எவ்வளவோ அதற்கேற்பத்தான் அபராதம் இருக்க வேண்டும். வங்கியின் கட்டணப் பட்டியல் இணையதளத்திலேயே இருக்கும். அதில் ‘பற்றாக்குறையில் 6 சதவீதம் அல்லது 500 ரூபாய், எது குறைவோ அது’ என்றும், தேவையான சராசரி இருப்பு 10,000 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் இருப்பு 6,000. குறைவது 4,000, அதில் 6 சதவீதம் 240. 18 சதவீத ஜி.எஸ்.டி. 43.20 சேர்த்தால் 283.20. அறிவிப்பு முறையாக வந்திருந்தாலும்கூட 306.80 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. சராசரி என்பது ஒவ்வொரு நாள் இறுதி இருப்பையும் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பது. ஏதோ ஒரு நாள் இருப்பு குறைந்தது என்பதற்காக மட்டும் அபராதம் வராது, அதையும் சரிபாருங்கள்.

எஸ்.எம்.எஸ். கட்டணம் உண்மையில் அனுப்பிய செய்திகளின் அளவுப்படிதான் இருக்க வேண்டும். 17.70 என்பது 15 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பெரும்பாலும் காலாண்டுக்கு மொத்தமாகப் பிடிப்பது இது. வரவு செலவே இல்லாத கணக்கில் எத்தனை செய்தி அனுப்பினீர்கள் என்று எண்ணிக்கை கேளுங்கள்.

கவுண்டரில் வாயால் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘சிஸ்டம் பிடித்தது’ என்பது பதிலே அல்ல. அந்த சிஸ்டத்தில் விதியைப் போட்டது வங்கிதான், தவறைத் திருத்த வேண்டியதும் வங்கிதான். ஸ்டேட்மென்டில் அந்த வரிகளைக் குறித்து, கிளைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

"எனது கணக்கில் இந்தத் தேதியில் 590 ரூபாயும் 17.70 ரூபாயும் பிடிக்கப்பட்டுள்ளன. முன்னறிவிப்பு அனுப்பிய தேதி, கணக்கிட்ட முறை, எஸ்.எம்.எஸ். எண்ணிக்கை ஆகியவற்றைத் தெரிவிக்கவும். இல்லையெனில் ஜி.எஸ்.டி.யுடன் திருப்பி வரவு வைக்கவும்."

புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ குறைதீர்ப்பாளருக்கான cms.rbi.org.in தளத்தில் அந்த எண்ணுடன் புகார் பதியுங்கள். நேரே அங்கே போனால் ‘முதலில் வங்கியிடம் போ’ என்று திருப்பிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448க்குப் பேசுங்கள்.

பணம் வரும்வரை கணக்கை மூடாதீர்கள். வந்ததும் தொகையைப் பாருங்கள்: முழுதும் திருப்புவதாகச் சொல்லிவிட்டு 500 மட்டும் வரவு வைத்திருந்தால், 90 ரூபாய் ஜி.எஸ்.டி.யையும் கேட்டு அதே புகார் எண்ணில் மறுபடி எழுதுங்கள்.