நன்றிக் கடிதத்தில் பாக்கி வேலையையும் நினைவூட்டலாமா?

கேள்வி: சிங்க்கின் அடியில் தண்ணீர் கசிகிறது என்று சொன்ன மறுநாளே வீட்டுக்காரர் ஆள் அனுப்பிச் சரிசெய்துவிட்டார். நன்றி எழுத வேண்டும். முன்பே சொன்ன ஒரு சின்ன வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதினால் காரியத்துக்காக நன்றி சொல்வதுபோல் ஆகிவிடுமா?

பதில்:

ஆகாது. தாராளமாக எழுதலாம். ஆனால் இன்றே எழுத வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள்.

பொறுக்காமல் எழுதி நான் பட்ட பாடு இது. முந்தைய வீட்டிலும் இதே கசிவுதான். குழாய் வேலைக்காரர் படியிறங்கும்போதே கைப்பேசியை எடுத்து, “மிக்க நன்றி ஐயா, எல்லாம் சரியாகிவிட்டது. கதவுத் தாழ்ப்பாளையும் நேரம் கிடைக்கும்போது பார்த்தால் நல்லது” என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மறுபடி கசிவு. காலையில் அதே மனிதருக்கு, “மன்னிக்கவும், இன்னும் ஒழுகுகிறது” என்று எழுத வேண்டியதாயிற்று. நன்றி அதோடு போயிற்று. இரண்டு மாதம் கழித்துத் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டபோது, “நீங்கள்தானே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினீர்கள்?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் எழுதியதைத்தான் அவர் படித்திருக்கிறார்.

அதனால் முதலில் வேலை நிற்கிறதா என்று பாருங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டுப் பார்ப்பது போதாது. மெல்ல ஓடும் தண்ணீர் இணைப்புகளை அழுத்தாது. சிங்க்கை விளிம்புவரை நிரப்பி, அடைப்பானை ஒரேயடியாக எடுத்துவிடுங்கள். தண்ணீர் வேகமாக இறங்கும்போது, அடியிலுள்ள வளைவுக் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். கைக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். இரவு ஒரு முறையும் மறுநாள் காலை ஒரு முறையும் பார்த்துவிட்டால் நம்பி எழுதலாம்.

அடுத்தது பாக்கி வேலை. அது என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. என் இப்போதைய வீட்டிலும் சிங்க் கசிந்து சரியானது, அப்போது பாக்கி இருந்ததும் தாழ்ப்பாள்தான் (தாழ்ப்பாள் ராசி எனக்கு). பின்கதவு மூடும், தாழ் விழாது. “தாழ்ப்பாள் சரியில்லை” என்று 4ஆம் தேதி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னால் வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்? புதுத் தாழ்ப்பாள் வாங்க வேண்டுமா, தச்சரை அழைக்க வேண்டுமா, கதவே கெட்டுப்போனதா என்று அவருக்குத் தெரியாது. யாரை அனுப்புவது என்று தெரியாத வேலைதான் தள்ளிப்போகும்.

ஆகவே எழுதுவதற்கு முன் நானே கொஞ்சம் ஆராய்ந்தேன். தாழ்ப்பாள் நாக்கின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, கதவை மூடித் தாழைத் தள்ளினேன். நிலையில் இருக்கும் துளைக்குச் சற்றுக் கீழே வெள்ளைத் தடம் பதிந்தது. அப்படியானால் தாழ்ப்பாளில் குற்றமில்லை, கதவு இறங்கியிருக்கிறது. கதவு இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது மேல் கீல், கதவின் பாரம் அதைத்தான் பிடித்து இழுக்கும். அங்கே இரண்டு திருகாணிகள் முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தன. மரத்துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். வெறுமனே தளர்ந்திருந்தால் நானே முடுக்கியிருப்பேன். துளையை அடைத்து மறுபடி முடுக்குவதும், நீளமான திருகாணி போடுவதும் வீட்டுக்காரரின் நிலையில் கைவைக்கும் வேலை, அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சிலர் நிலையில் உள்ள துளையை அரத்தால் கீழ்நோக்கிப் பெரிதாக்கிவிடுவார்கள். தாழ் அப்போதைக்கு விழும், ஆனால் கீல் தளர்ந்தபடியே இருப்பதால் கதவு மேலும் இறங்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு நான் அனுப்பியது இது:

“வணக்கம் ஐயா. திங்கட்கிழமை மாலை சிங்க்கின் அடியில் கசிகிறது என்று சொன்னேன், செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஆள் வந்துவிட்டார். வளைவுக் குழாயின் மேல் இணைப்பில் வாஷரை மாற்றினார். நேற்று இரவும் இன்று காலையும் சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுகூட இல்லை. அலமாரியின் அடிப்பலகை ஊறிப்போவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மிக்க நன்றி.

இம்மாதம் 4ஆம் தேதி சொன்ன பின்கதவு வேலை ஒன்றுதான் பாக்கி. தாழ்ப்பாள் நன்றாகவே இருக்கிறது. மேல் கீலின் இரண்டு திருகாணிகள் பிடிக்காததால் கதவு இறங்கி, தாழ் துளைக்குக் கீழே இடிக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். தச்சர் வந்து பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். சனி, ஞாயிறு முழுவதும் வீட்டில் இருப்பேன், மற்ற நாள்களில் மாலை ஆறு மணிக்குமேல். எது வசதி என்று சொல்லுங்கள்.”

முதல் பத்தியில் நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லை, அது தானே முடிகிறது. இரண்டு பத்திகளுக்கும் நடுவில் ‘ஆனால்’ போடவில்லை. அந்த ஒரு சொல்லைப் போட்டால், அதற்கு முன் எழுதிய நன்றியெல்லாம் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல் ஆகிவிடும். ‘எல்லாம் சரி’ என்பதும் இல்லை. எது சரியானதோ அதன் பெயர் மட்டும் இருக்கிறது. ‘நேரம் கிடைக்கும்போது’ என்பதையும் விட்டுவிட்டேன். மரியாதைக்காக நாம் சேர்க்கும் அந்தச் சொல், அவசரமில்லை என்று அவர் காதில் விழும். அதற்குப் பதிலாக நான் வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொன்னேன். அவர் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தேதியைக் குறிப்பிடுவது கறாராகத் தோன்றாதா என்று என் மனைவி கேட்டாள். “எத்தனை தடவை சொல்வது” என்று எழுதினால்தான் கறார். முதலில் வாயால் சொன்ன நாள் எழுத்தில் பதிந்திருந்தால், வீட்டைக் காலி செய்யும்போது அந்தக் கதவு யாரால் கெட்டது என்ற பேச்சே எழாது.

பாக்கி வேலைகள் இரண்டு மூன்று இருந்தால் இதில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். மூன்றையும் அடுக்கினால் நன்றி முகவுரையாகச் சுருங்கிவிடும், மற்றவற்றுக்குத் தனிக் கடிதமே மேல். மின்சாரம் கசிவது, எரிவாயு வாடை வருவது போன்றவை சின்ன வேலைக் கணக்கிலேயே வராது. அவற்றை நன்றியின் வாலில் கட்டக் கூடாது, அந்த நிமிடமே தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

என் கடிதத்துக்கு வந்த பதில் ஒரே வரி: “ஞாயிறு காலை தச்சர் வருவார்.” நன்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் சுபாவம் அப்படி. ஞாயிறு தாழ் விழுந்தது, திங்கள் காலையும் விழுந்தது. அதன் பிறகு இரண்டு வரி எழுதி அனுப்பினேன், அதில் பாக்கி எதையும் சேர்க்கவில்லை.