பாப்பா முகத்தைத் திருப்புவது பிடிவாதமா?

“முக்கூடல். பீடி சுற்றும்போது சொளவை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. 5 மாதப் பாப்பா கூப்பிட்டுப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிடுதா. பிடிவாதமா?”

இல்லை, தங்கச்சி. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் இதைத்தான் சோதித்தார். தாய் முதலில் பிள்ளையோடு கொஞ்சி விளையாடுவார். அப்புறம் இரண்டு, மூன்று நிமிடம் எதிரிலேயே இருந்து பிள்ளையைப் பார்ப்பார், ஆனால் முகம் அசையாது. பிள்ளை சிரித்து, குரல் கொடுத்து, கையை நீட்டித் தாயை இழுக்கப் பார்க்கும். பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பும், விரல் சப்பும், சிணுங்கும். அது தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் வழி. தாய் மறுபடி சிரித்தாலும் சில பிள்ளைகள் உடனே சேர்வதில்லை. உங்கள் பாப்பாவும் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டால் விட்டுவிடாதீர்கள், காத்திருந்து பேசுங்கள்.

அந்தச் சோதனையில் தாய் வேண்டுமென்றே பதில் தராமல் இருக்கிறார். நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள், இரண்டும் ஒன்றல்ல. சாதாரணத் தாய்-பிள்ளை விளையாட்டிலும் பாதி நேரத்துக்கு மேல் இருவரும் ஒத்துப்போவதில்லை என்று ட்ரோனிக்கே கண்டார். விட்டுப்போனது திரும்பச் சேருகிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரு கட்டு முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு (தூள் பாப்பா மேல் படக்கூடாது) முகத்துக்கு நேரே குனிந்து, “என்னட்டி?” என்று கேளுங்கள். சுற்றும்போதும் அவள் குரலுக்குப் பதில் குரல் கொடுங்கள். எவ்வளவு கொஞ்சினாலும் பல நாள் முகம் பார்க்காமலே இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.