திறப்பு விழா: அழைப்பிதழில் நேரத்தைப் பிரியுங்கள்

"கடைக்குள் 30 பேர்தான் நிற்க முடியும், 120 பேரையும் காலை 10 மணிக்கே வரச் சொல்லலாமா?"

வேண்டாம். ரிப்பன் வெட்டும் 10 மணிக்குக் குடும்பத்தினர், சிறப்பு விருந்தினர், சரக்கு தருபவர்கள் என 24 பேரை மட்டும் அழைத்துவிட்டு, மற்ற 96 பேரின் அழைப்பிதழ்களில் 11, 12, 4, 5 மணி என நான்கு நேரங்களைப் பிரித்து அச்சிடுங்கள். ஒரே நேரத்தில் அனைவரும் திரண்டால், வாங்க வந்தவர் அலமாரியை நெருங்கவே முடியாமல் வாசலோடு திரும்பிவிடுவார். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

சிறப்பு விருந்தினரை 9.30 மணிக்கே வரச் சொல்லுங்கள், ஏனெனில் அவருடைய தாமதம் அன்றைய நிகழ்ச்சி நிரல் முழுவதையும் தள்ளிவிடும். மழுங்கிய கத்தரிக்கோல் சாட்டின் ரிப்பனை வெட்டாமல் மடக்கிக்கொள்ளும் என்பதால், முந்தைய நாளே அதே ரிப்பனில் ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். பில் இயந்திரத்திலும் அப்போதே ஒரு சோதனை ரசீது எடுத்துவிடுங்கள்.