கதண்டு கொட்டி மயங்குபவரை நிமிர்த்தாதீர்கள்: கேள்வி பதில்

என் தோப்பில் தேங்காய் பறித்தவரை ஒரேயொரு கதண்டு கொட்டியது. பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல். எழுப்பி பைக்கில் நடுவில் உட்காரவைத்தோம், அப்படியே சரிந்துவிட்டார். விஷம் தலைக்கேறிவிட்டதா?

ஒரு கொடுக்கின் விஷம் அவ்வளவு செய்யாது. இது விஷத்துக்கு எதிரான கடுமையான ஒவ்வாமை. முன்பு எப்போதோ கொட்டியபோதே அவர் உடம்பு அதற்கு எதிர்ப்புப் புரதம் தயாரித்து வைத்திருக்கும். இம்முறை விஷம் பட்டதும் மாஸ்ட் செல்கள் எனும் நோயெதிர்ப்பு செல்கள் ஹிஸ்டமைன் முதலிய வேதிப்பொருட்களை ஒரே நேரத்தில் கொட்டிவிட்டன. அதனால் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, நுண்குழாய்களின் சுவர் வழியே ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிகிறது. பத்து நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இப்படி வெளியேறலாம். அந்த நிலையில் நிமிர்த்தியதும் மிச்ச ரத்தமும் காலில் தங்கிவிட்டது. இதயத்துக்குத் திரும்பிவரப் போதுமான ரத்தம் இல்லை. படுத்தவாக்கிலேயே கால்களை உயர்த்தி வைத்து 108-ஐ அழைத்திருக்க வேண்டும்.

பிரஷர் குறைவதுதானே சிக்கல்? உப்புப் போட்ட மோர் கொடுத்தால் ஏறாதா?

நீர் வேண்டும் என்பது சரி. ஆனால் அது ரத்தக் குழாய் வழியாக, மருத்துவமனையில் ஏற்ற வேண்டியது. மயங்குபவரின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மூச்சுத் திணறினாலும் படுக்கத்தான் வைக்க வேண்டுமா?

வேண்டாம். அதே கசிவு குரல்வளையில் தேங்கினால் குரல் கரகரக்கும், எச்சிலை விழுங்க முடியாது, மூச்சை இழுக்கும்போது கீச்சென்று ஒலி வரும். அவரைக் கால்நீட்டி உட்காரவிடுங்கள்; நடக்க விடாதீர்கள். மயக்கமும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் எந்த நிலையும் முழுதாக உதவாது. அட்ரினலின்தான் இரண்டுக்கும் மருந்து: குழாய்களை இறுக்கிக் கசிவைக் குறைக்கிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடுவோம்.

பல வருடமாக மருந்துக்கடையில் இருக்கிறேன். அவில் ஊசியும் ஸ்டீராய்டும் போட்டாலே தடிப்பு அடங்கிவிடுகிறதே?

தடிப்பும் அரிப்பும் அடங்கும், மறுக்கவில்லை. எனக்குப் பயமே அதில்தான். தோல் தெளிந்ததைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவில் ஹிஸ்டமைனை மட்டுமே தடுக்கும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்காகும். சிலருக்குத் தடிப்பே இல்லாமலும் அழுத்தம் சரியும். அட்ரினலினைத் தாமதப்படுத்த இவை இரண்டும் காரணமாகக் கூடாது.

எனக்கு இறால் சாப்பிட்டால் உதடு வீங்கும். இதயத்துக்கு மெட்டோப்ரோலால் எடுக்கிறேன். நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென விடுவதும் இதயத்துக்கு ஆபத்து. அட்ரினலின் போய்ச் செயல்படும் இடங்களை அந்த மாத்திரை அடைத்துக்கொள்வதால் ஊசி சரியாக எடுபடாமல் போகலாம். அப்போது குளுக்ககான் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம். மாத்திரையை மாற்றுவதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் இதய மருத்துவரைக் கேளுங்கள். அதுவரை இறாலைத் தொடாதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.